புதிய மெயில் இல்லாமலே பேட்டரி கரைவது எப்படி? எந்த அக்கவுண்டுக்கு எத்தனை நிமிடம் வைக்கலாம்?

பேட்டரி சீக்கிரம் தீர்ந்துவிட்டால் முதலில் திட்டு வாங்குவது திரை வெளிச்சம், அடுத்து யூடியூப், அதற்கடுத்து வாட்ஸாப். மெயில் ஆப் மேல் யாருக்கும் சந்தேகம் வருவதில்லை, அதை ஒரு நாளைக்கு நாலைந்து முறைதானே திறக்கிறோம். ஆனால் நாம் திறக்காத நேரத்திலும் அது எழுந்து எழுந்து சர்வரிடம் போய்க் கேட்டுக்கொண்டிருக்கிறது. 15 நிமிடத்துக்கு ஒருமுறை பார் என்று வைத்தால் ஓர் அக்கவுண்டுக்கு ஒரு நாளில் 96 முறை. சொந்த ஜிமெயில், ஆபீஸ் மெயில், கடை டொமைனில் ஒன்று, எப்போதோ திறந்த பழைய யாஹூ ஒன்று என்று நாலு அக்கவுண்டையும் ஒரே ஆப்பில் சேர்த்து எல்லாவற்றுக்கும் 15 நிமிடம் என்றே விட்டிருந்தால், அதிகபட்சம் 384 முறை. இதில் முக்கால்வாசிக்கு மேல் கிடைக்கும் பதில் 'புதிதாக ஒன்றும் இல்லை' என்பதுதான்.

மெயிலே வராதபோது என்ன பெரிய செலவாகிவிடப் போகிறது என்று கேட்கலாம். ஒருமுறை பார்ப்பதற்குள் என்னென்ன நடக்கிறது என்று பாருங்கள். தூங்கிக்கொண்டிருக்கும் போன் எழ வேண்டும், மெயில் சர்வரின் முகவரியைத் தேட வேண்டும், இணைப்பைத் திறக்க வேண்டும், குறியாக்கத்துக்கான கைகுலுக்கல் முடிய வேண்டும், அப்புறம் பாஸ்வேர்டு கொடுத்து உள்ளே போய் இன்பாக்ஸைத் திறந்து எண்ணிக்கையைக் கேட்டுவிட்டு வெளியே வர வேண்டும். ஒரு மெயில்கூட இறங்கவில்லை என்றாலும் இத்தனையும் நடந்தே தீரும். இன்பாக்ஸோடு நிற்காமல் 'அனுப்பியவை', 'ஸ்பாம்', நாமே உருவாக்கிய ஏழெட்டு ஃபோல்டர் எல்லாவற்றையும் ஒத்திசைக்கச் சொல்லியிருந்தால், கடைசிக் கட்டம் ஒவ்வொரு ஃபோல்டருக்கும் தனித்தனியாக நடக்கும்.

இதைவிடப் பெரிய செலவு மொபைல் டேட்டாவில் இருக்கிறது. செல்போனின் ரேடியோ வேலை முடிந்த கையோடு அணைந்துவிடாது. இன்னொரு ஆள் வருவாரா என்று எஞ்சினை அணைக்காமல் நிற்கிற ஷேர் ஆட்டோ மாதிரி, அடுத்த டேட்டா வருமோ என்று கொஞ்ச நேரம் விழித்தபடியே காத்திருக்கும். எவ்வளவு நேரம் என்பதை நெட்வொர்க்தான் தீர்மானிக்கிறது, நம் கையில் இல்லை. 4ஜி வந்த புதிதில், 2012இல் வெளியான ஓர் அளவீட்டில் இந்தக் காத்திருப்பு 11 விநாடிக்குச் சற்று மேல் இருந்தது, அந்த நேரம் முழுக்க ஏறக்குறைய 1 வாட் மின்சாரம் போய்க்கொண்டிருந்தது. இன்றைய போன்களிலும் நெட்வொர்க்குகளிலும் இந்த எண்கள் கொஞ்சம் மாறும், ஆனால் நடைமுறை அதேதான். அரை விநாடியில் முடிகிற கேள்விக்குப் பத்து விநாடிக்கு மேல் ரேடியோ எரிகிறது. ஆகவே 2 கேபி மெயில் வந்ததா 200 கேபி மெயில் வந்ததா என்பது பெரிய வித்தியாசம் இல்லை. எத்தனை முறை எழுப்பினோம் என்பதுதான் கணக்கு.

அந்தக் கணக்கையே போட்டுப் பார்க்கலாம். 384 முறை, ஒவ்வொன்றுக்கும் 12 விநாடி என்றால் 77 நிமிடம் வருகிறது. 1 வாட் வீதம் அது சுமார் 1.3 வாட்-மணி. 5000 எம்ஏஹெச் பேட்டரியில் மொத்தம் ஏறக்குறைய 19 வாட்-மணி இருக்கும், ஆக இந்த வீண் கேள்விகளுக்கு மட்டும் ஒரு நாளைக்கு 7 சதவீதம். உண்மையில் இதைவிடக் குறையவும் வாய்ப்பு உண்டு, ஏனென்றால் நாலு அக்கவுண்டையும் ஆப் ஒரே நேரத்தில் பார்த்துவிட்டால் ரேடியோ ஒருமுறை எழுந்தாலே போதும். மேஜைமேல் அசையாமல் கிடக்கிற ஆண்ட்ராய்டு போன், 2015இல் வந்த 6.0 பதிப்பிலிருந்து, டோஸ் என்ற உறக்க நிலைக்குப் போய் இந்த வேலைகளையெல்லாம் தள்ளிப்போட்டுச் சேர்த்துச் செய்யும். வைஃபையில் இருந்தால் செலவு இன்னும் வெகுவாகக் குறையும், அதில் இவ்வளவு நீண்ட காத்திருப்பு கிடையாது.

அப்படியானால் சிலர் போனில் மட்டும் மெயில் ஏன் இவ்வளவு தின்கிறது? பெரும்பாலும் சிக்னல். டவர் தூரத்தில் இருந்தால் போன் அதிக சக்தியோடு கத்த வேண்டும், கத்தியது கேட்காவிட்டால் திரும்பக் கத்த வேண்டும். தகரக் கூரை போட்ட குடோன், லிஃப்ட் பக்கத்துச் சந்து, பஸ்ஸில் ஊர்விட்டு ஊர் போகிற இரண்டு மணி நேரம், இங்கெல்லாம் வீட்டு வைஃபையில் நோகாமல் நடந்த அதே வேலைக்குப் பல மடங்கு விலை. வீட்டில் இருக்கும் ஞாயிற்றுக்கிழமை பேட்டரி நன்றாக நிற்கிறது, திங்கட்கிழமை மதியமே 40க்கு வந்துவிடுகிறது என்று சொல்பவர்களின் புகாரில் பாதி இதுதான்.

இந்த இடத்தில் வழக்கமாக ஓர் அறிவுரை வரும்: 'புஷ்ஷை ஆஃப் பண்ணுங்கள், பேட்டரி நிற்கும்.' இது பாதிதான் சரி. நாம் போய்க் கேட்பது ஃபெட்ச், மெயில் வந்ததும் சர்வரே சொல்வது புஷ். புஷ் என்றால் எப்போதும் இணைப்பு திறந்திருக்குமே, அது அதிகம் தின்னுமே என்று தோன்றுவது இயல்புதான். ஆனால் திறந்திருக்கிற இணைப்பில் எதுவும் ஓடாதவரை ரேடியோ தூங்கிக்கொண்டுதான் இருக்கும். மெயிலைச் சர்வரிலேயே வைத்துக்கொண்டு பார்க்கும் ஐமேப் முறையில் புஷ் நடப்பது 1997இல் சேர்க்கப்பட்ட IDLE என்ற கட்டளையால். உள்ளே நடக்கும் பேச்சு ஏறத்தாழ இப்படி இருக்கும், C என்பது போன், S என்பது சர்வர்:

```
C: a2 SELECT INBOX
S: * 412 EXISTS
S: a2 OK
C: a3 IDLE
S: + idling
S: * 413 EXISTS
C: DONE
S: a3 OK
```

`+ idling` என்ற வரிக்கும் `* 413 EXISTS` என்ற வரிக்கும் நடுவே இருபது நிமிடம் ஓடியிருக்கலாம். அந்த இருபது நிமிடமும் இரண்டு பக்கமும் பேசவில்லை. 413ஆவது மெயில் வந்ததும் சர்வர் ஒரு வரி சொல்கிறது, போன் எழுகிறது. ஆனால் இணைப்பு அப்படியே காலாகாலத்துக்கும் நிற்காது, அரைமணி நேரம் சும்மா இருந்தால் சர்வர் வெட்டிவிடலாம் என்பதால் 29 நிமிடத்துக்குள் ஒருமுறை போன் IDLE-ஐப் புதுப்பிக்க வேண்டும் என்பது விதி. ஆண்ட்ராய்டில் கே-9 மெயில் என்ற ஆப்பும் அதிலிருந்து வந்த தண்டர்பேர்டும் 24 நிமிடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கும்படி வைத்துக்கொள்ளலாம். அப்படிப் பார்த்தால் ஒரு நாளைக்கு 60 முறை, கூடவே அன்று எத்தனை மெயில் வருகிறதோ அத்தனை முறை.

இப்போது இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரு நாளைக்குப் பத்து மெயில் வருகிற அக்கவுண்டுக்கு 15 நிமிட ஃபெட்ச் வைத்தால் 96 முறை எழுகிறது, புஷ் வைத்தால் 70 முறை, அதோடு மெயிலும் உடனே வந்துவிடுகிறது. அதே புஷ்ஷை, கூப்பன், நியூஸ்லெட்டர், வேலை அறிவிப்பு என்று ஒரு நாளைக்கு இருநூறு மெயில் கொட்டுகிற அக்கவுண்டில் வைத்தால் 260 முறை. ஆக மெயில் குறைவாக வந்து, வந்தால் அவசரம் என்கிற அக்கவுண்டுக்குப் புஷ். நிறைய வந்து எதுவுமே அவசரமில்லாத அக்கவுண்டுக்கு நீண்ட இடைவெளி, அல்லது கையால் இழுத்துப் பார்ப்பது. பலர் வைத்திருப்பது இதற்கு நேர்மாறாக.

புஷ்ஷுக்கு ஒரு கண்டிப்பான வரம்பு உண்டு. IDLE ஒரு ஃபோல்டரைத்தான் கவனிக்கும், ஐந்து ஃபோல்டருக்குப் புஷ் வேண்டும் என்றால் ஐந்து இணைப்பு. இன்பாக்ஸுக்கு மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை விட்டுவிடுங்கள். இன்னொன்று, சில மொபைல் நெட்வொர்க்குகளும் ஆபீஸ் ஃபயர்வால்களும் சும்மா கிடக்கும் இணைப்பை ஐந்து பத்து நிமிடத்திலேயே சொல்லாமல் வெட்டிவிடும். ஆப் அதைக் கவனித்துத் திரும்ப இணைக்கும், திரும்ப வெட்டும், திரும்ப இணைக்கும். இப்படிப்பட்ட இடத்தில் புஷ் ஃபெட்ச்சைவிட மோசம். மெயில் தாமதமாகக் கொத்துக்கொத்தாக வருவதும், பின்னணி நேரம் ஏறுவதும் சேர்ந்து நடந்தால் இதுதான் என்று சந்தேகப்படலாம், அந்த அக்கவுண்டை அரைமணி ஃபெட்ச்சுக்கு மாற்றிப் பாருங்கள்.

சரி, எங்கே போய் மாற்றுவது? ஐபோனில் மெயில் ஆப்புக்கான செட்டிங்ஸில் அக்கவுண்டுகளுக்குள் போனால் `Fetch New Data` என்று இருக்கும். அதில் ஒவ்வோர் அக்கவுண்டையும் தொட்டு `Push`, `Fetch`, `Manual` மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம். நிமிடக் கணக்கு மட்டும் தனித்தனியாகக் கிடையாது, கீழே இருக்கும் 15 நிமிடம், 30 நிமிடம், ஒரு மணி என்பது `Fetch` வைத்த எல்லாவற்றுக்கும் பொது. அங்கேயே `Automatically` என்று ஒன்று உண்டு. போன் சார்ஜில் இருந்து வைஃபையும் இருந்தால் மட்டும் பின்னணியில் எடுக்கும், பகல் முழுக்க மெயில் வரவே இல்லை என்று புலம்புகிற பலர் போனில் இருப்பது இது. லோ பவர் மோடு போட்டாலும் தானாக எடுப்பது நின்றுவிடும். இலவச ஜிமெயிலை ஆப்பிளின் மெயில் ஆப்பில் சேர்த்தால் `Push` என்ற வாய்ப்பே வராது, மைக்ரோசாஃப்டின் எக்ஸ்சேஞ்ச் முறை வழியாக அதைக் கொடுத்துவந்ததைக் கூகுள் 2013 ஜனவரியோடு புதியவர்களுக்கு நிறுத்திவிட்டது. உடனே வேண்டும் என்றால் ஜிமெயில் ஆப்பையே போட்டு, மெயில் ஆப்பில் அந்த அக்கவுண்டை எடுத்துவிடுவதுதான் வழி.

ஆண்ட்ராய்டில் ஜிமெயில் ஆப்பில் இருக்கும் கூகுள் அக்கவுண்டுக்கு நிமிடம் வைக்கும் இடமே கிடையாது, தேடாதீர்கள். எல்லா ஆப்புக்கும் பொதுவாகப் போன் வைத்திருக்கும் ஒரே இணைப்பில் கூகுள் அறிவிப்பை அனுப்புகிறது, அதனால் செலவு மிகக் குறைவு. அதே ஆப்பில் யாஹூவோ சொந்த டொமைன் மெயிலோ சேர்த்திருந்தால் அந்த அக்கவுண்டின் செட்டிங்ஸில் `Sync frequency` இருக்கும், அங்கே மாற்றலாம். தண்டர்பேர்டிலும் கே-9இலும் அக்கவுண்டைத் தொட்டு `Fetching mail` உள்ளே `Folder poll frequency` போனால் 15 நிமிடத்தில் தொடங்கி ஒரு நாள் வரைக்கும் இருக்கிறது, `Never` என்றும் வைக்கலாம். அக்கவுண்டுக்கு அக்கவுண்டு உண்மையிலேயே வேறு வேறு நேரம் வைக்க இது வசதி. பழைய கே-9இல் ஒரு நிமிடம், ஐந்து நிமிடம்கூட இருந்தது. இப்போது ஆண்ட்ராய்டே பின்னணியில் திரும்பத் திரும்ப நடக்கும் வேலைக்கு 15 நிமிடம்தான் குறைந்தபட்சம் என்று கட்டிவைத்திருக்கிறது.

என் மச்சான் ஒருவர் திருப்பூரில் ஜாப் ஒர்க் யூனிட் நடத்துகிறார், அவர் போன்தான் எனக்குத் தெரிந்து இந்தப் பிரச்சினைக்கு முழு உதாரணம். நாள் முழுக்கத் தகரக் கூரைக்குக் கீழே, மொபைல் டேட்டாவில். தண்டர்பேர்டில் நாலு அக்கவுண்டு: கம்பெனி டொமைன், சொந்த ஜிமெயில், ஆடிட்டர் ஆபீஸோடு பேசுவதற்கென்று ஒன்று, பழைய யாஹூ ஒன்று. எல்லாவற்றுக்கும் 15 நிமிடம். குறைக்கலாம் என்றதும், "மாப்ளே, பையர் மெயிலைப் பத்து நிமிஷம் லேட்டா பார்த்தாலும் ஆர்டர் பக்கத்து யூனிட்டுக்குப் போயிரும்" என்றார். நியாயம்தான், ஆனால் பையர் எழுதுவது ஒரே ஓர் அக்கவுண்டுக்கு. 15 நிமிட ஃபெட்ச்சில் அந்த மெயிலே கால்மணி நேரம் வரை தாமதமாகத்தான் அவருக்கு வந்துகொண்டிருந்தது.

கம்பெனி டொமைனுக்கு இன்பாக்ஸை மட்டும் புஷ்ஷில் போட்டு, அதன் ஃபோல்டர் பார்க்கும் இடைவெளியை `Never` ஆக்கினோம். ஒரு நாளைக்கு இருபது மெயில் வரும், ஆக 80 முறை. ஜிமெயில் ஏற்கெனவே ஜிமெயில் ஆப்பிலும் இருந்தது, ஒரே அக்கவுண்டை இரண்டு ஆப் பார்த்துக்கொண்டிருந்தன. தண்டர்பேர்டிலிருந்து அதை நீக்கியாயிற்று. இந்த இரட்டைப் பார்வை நிறையப் போனில் உண்டு, போனோடு வந்த மெயில் ஆப்பில் முதல் நாள் சேர்த்ததை மறந்துவிட்டு அப்புறம் இன்னோர் ஆப்பில் அதையே சேர்த்திருப்பார்கள். ஆடிட்டர் அக்கவுண்டுக்கு ஒரு மணி நேரம், 24 முறை. யாஹூவுக்கு `Never`, திறந்து கீழே இழுத்தால் வரும். 384 என்று இருந்தது 104க்கு வந்தது. ஜிஎஸ்டி தாக்கல் செய்கிற வாரத்தில் மட்டும் ஆடிட்டர் அக்கவுண்டை 15 நிமிடத்துக்கு மாற்றிக்கொள்கிறார், முடிந்ததும் திரும்பக் கூட்டிவிடுகிறார்.

தண்டர்பேர்டில் புஷ் பின்னணியில் தடையில்லாமல் ஓட, பேட்டரி சேமிப்பிலிருந்து அதற்கு விலக்கு கொடுக்க வேண்டியிருக்கலாம். பேட்டரி மிச்சமாக வேண்டும் என்று வந்துவிட்டு இதற்குச் சம்மதிப்பதா என்று பலர் மறுத்துவிடுகிறார்கள், அப்புறம் புஷ் வேலை செய்யவில்லை என்பார்கள். ஒரேயோர் இன்பாக்ஸ் புஷ்ஷில் இருந்து மற்றவை நீண்ட இடைவெளியில் இருக்கும்போது இந்த விலக்கு கொடுப்பதில் பயமில்லை. நாலு அக்கவுண்டும் 15 நிமிடத்தில் இருக்கும்போது கொடுத்தால்தான், டோஸ் தள்ளிப்போட்டு மிச்சப்படுத்தியதும் போய்விடும்.

குற்றவாளி மெயில்தானா என்று எப்படித் தெரிந்துகொள்வது? செட்டிங்ஸில் பேட்டரி என்ற பக்கத்தைத் திறந்து சதவீதத்தை மட்டும் பார்க்காதீர்கள். ஆப்பைத் தொட்டு, திரையில் இருந்த நேரத்தையும் பின்னணியில் ஓடிய நேரத்தையும் ஒப்பிடுங்கள். திரையில் ஆறு நிமிடம், பின்னணியில் ஒன்றே முக்கால் மணி நேரம் என்றிருந்தால் ஆள் அகப்பட்டாயிற்று. ஆண்ட்ராய்டில் ஒரு சிக்கல், ரேடியோவின் செலவு ஆப்பின் பெயரில் முழுதாக ஏறாமல் மொபைல் நெட்வொர்க் என்ற தலைப்பில் போய் உட்கார்ந்துவிடலாம். அதனால் மெயில் 2 சதவீதம்தான் என்று காட்டுவதை அப்படியே நம்ப வேண்டாம், நெட்வொர்க் கணக்கு ஏறியிருக்கிறதா என்றும் பாருங்கள். ஐபோனில் சிக்னல் குறைவாக இருந்ததைத் தனியாகவே எழுதிக் காட்டும்.

மாற்றியபின் மறுநாளே தீர்ப்பு எழுதவும் கூடாது. வேலைநாளை வேலைநாளோடு, அதே ரூட்டில் போய்வந்த நாளோடு ஒப்பிட்டால்தான் ஏதாவது புரியும்.

எல்லா அக்கவுண்டையும் ஒரு நாள் `Never`இல் அல்லது `Manual`இல் வைத்துப் பார்ப்பது நல்ல சோதனை. அப்போதும் பின்னணி நேரம் குறையவில்லை என்றால் இடைவெளியோடு மல்லுக்கட்டிப் பயனில்லை, காரணம் வேறு. முதலில் அவுட்பாக்ஸைத் திறந்து பாருங்கள், சர்வரின் அளவு வரம்பைத் தாண்டிய 30 எம்பி இணைப்போடு ஒரு மெயில் போகாமல் நின்று, ஆப் அதைத் திரும்பத் திரும்ப ஏற்றிப் பார்த்துக்கொண்டிருக்கலாம். ஏற்றுவதுதான் இறக்குவதைவிட ரேடியோவுக்குச் செலவு. அடுத்து, கம்ப்யூட்டரில் பாஸ்வேர்டை மாற்றிவிட்டுப் போனில் மாற்றாத அக்கவுண்டு ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள், அது ஒவ்வொரு முறையும் போய்த் தோற்றுத் திரும்பும். இரண்டும் இல்லை என்றால் அக்கவுண்டை ஆப்பிலிருந்து நீக்கிவிட்டுப் புதிதாகச் சேருங்கள். ஐமேப்பில் மெயில்கள் சர்வரிலேயே இருக்கும், திரும்ப இறங்கிவிடும். மெயிலைப் போனுக்கே இறக்கிக்கொள்ளும் பழைய முறையான பாப் அக்கவுண்டாக இருந்தால் மட்டும் நீக்குவதற்குமுன் சர்வரில் நகல் இருக்கிறதா என்று வெப்மெயிலில் போய்ப் பார்த்துக்கொள்ளுங்கள், சில அமைப்பில் போனில் இறங்கியதும் சர்வரில் அழிந்திருக்கும்.